பார்த்த நாள் மட்டும் போதாது

இந்திய மொழிகளைப் பற்றிய ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் அடிக்கடி காணப்படும் இணைய முகவரி ஒன்று உண்டு.

```
censusindia.gov.in/2011Census/C-16_25062018_NEW.pdf
```

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழித் தரவுகளை 2018 ஜூனில் வெளியிட்ட ஆவணத்தின் முகவரி இது. கணக்கெடுப்புத் தளம் முழுமையாக மாற்றியமைக்கப்பட்டபோது பழைய முகவரிகள் கைவிடப்பட்டன. இன்று இதைச் சொடுக்குபவருக்கு அந்த ஆவணம் கிடைப்பதில்லை.

இதனால் நேரும் இழப்பு என்ன? கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழியாகச் சொன்ன பெயர்கள் 19,569. அவை செப்பம் செய்யப்படாத பதிவுகள். எழுத்து வேறுபாடு, ஊர்ப்பெயர், சாதிப்பெயர் எல்லாம் அவற்றில் கலந்திருக்கும். மொழியியல் ஆய்வுக்குப் பின் அவை 1,369 தாய்மொழிகளாக வரையறுக்கப்பட்டன. மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாதவையாக ஒதுக்கப்பட்டன. இறுதியில் ஆவணம் தரும் மொழிகள் 121. அவற்றுள் எட்டாம் அட்டவணை மொழிகள் 22, பிற மொழிகள் 99. ஆனால் இந்தியாவில் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் உள்ளன என்பதே அன்று செய்தித் தலைப்பாயிற்று. அத்தலைப்பை நம்பி எழுதியவரையும் ஆவணத்தைப் படித்து எழுதியவரையும் வேறுபடுத்திக் காட்டக்கூடியது மூல ஆவணம் ஒன்றே. இணைப்பு இறந்தபின் இருவரின் மேற்கோளும் ஒரே தோற்றம் கொண்டுவிடுகின்றன.

இங்கேதான் ‘பார்த்த நாள்’ என்ற குறிப்பின் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் துறைகளில் அது பெரும்பாலும் சடங்காகிவிட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்தில் எல்லா இணைய மூலங்களுக்கும் ஒரே நாளை இடுவது வழக்கம். தளம் மாறியபின் வரும் ஒரு நாளை இந்தப் பழைய முகவரியுடன் சேர்த்து எழுதினால், எழுதியவர் அன்று அந்த ஆவணத்தைத் திறக்கவில்லை என்பதைக் குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும். பிறர் அடிக்குறிப்பிலிருந்து முகவரியைப் பெயர்த்தெழுதியதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை.

உள்ளடக்கம் மாறக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் பார்த்த நாள் தந்தால் போதும் என்கிறது ஏபிஏ நடை. பிடிஎஃப் கோப்பு மாறாது என்று கொண்டால் அது சரியே. ஆனால் மேற்கண்ட கோப்பின் பெயரிலேயே ‘NEW’ என்று உள்ளது. ஒரே அட்டவணைக்கு முந்தைய வடிவம் ஒன்று இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை அச்சொல்லே எழுப்புகிறது. எந்த வடிவத்தை நாம் படித்தோம் என்பதை நாள் தனியாக மெய்ப்பிக்காது. சேமிக்கப்பட்ட படி மெய்ப்பிக்கும்.

அப்படியைத் தேடுவது எளிது. வேபேக் மெஷினில் முகவரிக்கு முன் விண்மீன் குறியிட்டால் சேமிப்புகள் அனைத்தும் பட்டியலாக வரும்.

```
web.archive.org/web/*/censusindia.gov.in/2011Census/C-16_25062018_NEW.pdf
```

நாட்காட்டியில் நீலப் புள்ளி, பக்கம் முறையாகக் கிடைத்ததைக் குறிக்கும்; பச்சை, வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டதைக் குறிக்கும்; செம்மஞ்சள், பக்கம் கிடைக்காததைக் குறிக்கும். ஆகவே அண்மைச் சேமிப்பு என்பதற்காக அதையே எடுப்பது தவறு. அது வெறும் பிழைப்பக்கத்தின் படியாக இருக்கக்கூடும். நாம் படித்த நாளுக்கு மிக அருகிலுள்ள நீலப் புள்ளியைத் திறந்து, மேற்கோள் காட்டும் எண் உரிய பக்கத்தில் இருக்கிறதா எனப் பார்த்த பிறகே அம்முகவரியைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முகவரியில் வரும் 14 இலக்கங்கள் சேமித்த ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடியைக் குறிப்பவை. அது உலகப் பொது நேரம். இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது. ஒரு நாள் வேறுபாடு தோன்றினால் திகைக்க வேண்டியதில்லை.

சேமிப்பகமும் அழியாத அரண் அன்று. 2024 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் இன்டர்நெட் ஆர்க்கைவே சில நாள் முடங்கியது. கடவுச்சொல் கேட்கும் பக்கங்களை அது சேமிக்கவும் இயலாது. ஆதலால் சொந்தமாக ஒரு படியும் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முகவரியின்றியே ஆவணத்தை அடையாளம் காட்டும் விவரங்களை எழுத வேண்டும்: இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம், 2018ஆம் ஆண்டின் முதல் அறிக்கை, மொழி, அட்டவணை சி-16. இவ்வளவு இருந்தால் இணைப்பு இறந்தாலும் ஒரு நூலகர் ஆவணத்தைக் கண்டெடுப்பார்.

சைனிக்புரியில் அமர்ந்து ஹைதராபாத் தமிழர் எண்ணிக்கையைத் தேடும் எனக்கு இது நடைமுறைத் தேவையும்கூட. 2011 கணக்கெடுப்பில் இந்நகரம் ஒருங்கிணைந்த ஆந்திரத்துக்குள் இருக்கிறது. தெலங்கானா பிறந்தது 2014இல். அடுத்த கணக்கெடுப்பின் தரவோடு ஒப்பிட வருபவர், பழைய அட்டவணையில் எந்த எல்லை எண்ணப்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

நெறியாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: ஒவ்வொரு இணைய மூலத்துக்கும் சேமித்த படியின் முகவரியைக் கட்டாயமாக்குங்கள். பார்த்த நாள் அதற்குத் துணையாக நிற்கட்டும்.