தவணைதான் மொத்தச் செலவா?

“மாதம் 2,889 ரூபாய் தவணை கட்ட முடிந்தால் தாராளமாக பைக் வாங்கலாம்” என்கிறார் நண்பர். பெட்ரோல் யார் போடுவது? தினம் 30 கிலோமீட்டர் என மாதம் 26 நாள் ஓட்டினால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்குக்கூட, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், 1,560 ரூபாய் ஆகும். சர்வீஸ், டயருக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

கடனுக்கு வட்டி 10 சதவீதம்தான் என்கிறார் அவர். அது பிளாட் வட்டி. அசல் குறைந்தாலும் வட்டி குறையாது. 80,000 கடனுக்கு மூன்றாண்டில் 24,000. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 18 சதவீதம்!

ஐந்தாண்டு இன்ஷூரன்ஸ் இருக்கிறதாம். அது மூன்றாம் நபருக்கு. சொந்த வண்டிக்கான காப்பீடு பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். அதைப் புதுப்பிக்காமல் விட்டு, வண்டி திருடுபோனால், மிச்சத் தவணையை நடந்துபோய்த்தான் கட்ட வேண்டும்.