கோபுரம் விழுந்தது, உறவுமா?

உறவு குறித்து விரிக்கும் டாரட் சீட்டுகளில் பதினாறாம் எண்ணுள்ள கோபுரம் வந்துவிட்டால், பிரிவு உறுதி என்று முடிவுகட்டிவிடுவோர் பலர். அதிலும் கடும் வாக்குவாதம் ஒன்று முடிந்து, கண்ணீர் காயுமுன்னரே சீட்டைத் தொடுவோர்க்கு வேறு பொருள் தோன்றுவதேயில்லை. அச்சீட்டின் ஓவியத்தையும், அது வந்தமர்ந்த இடத்தையும் ஒருசேரப் புறக்கணிக்கும் வாசிப்பு இது என்பதே நம் கருத்து.

முதலில் ஓவியத்தைப் பார்ப்போம். ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுக்க, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909இல் லண்டனில் வெளியான சீட்டுக்கட்டே இன்று பரவலாகப் புழங்குவது. அதில் பாறை முகட்டில் ஒரு கற்கோபுரம் நிற்கிறது. மின்னல் தாக்கியதில் அதன் தலையிலிருந்த மகுடம் தெறிக்கிறது, சாளரங்களில் தீ, இருவர் தலைகீழாய் விழுகின்றனர். கோபுரம் என்றதும் கோயில் வாயில் நம் நினைவில் எழலாம். ஓவியத்திலிருப்பதோ தனித்து நிற்கும் ஓர் உயர்ந்த கட்டடம். வெயிட் இதற்குத் துயர், அழிவு, வஞ்சனை என்றே பொருள் தந்தார், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலில் கழன்று விழுவது மகுடம். சுவர்கள் இன்னும் நிற்கின்றன. விழுபவர் இருவர், தள்ளியவர் எவரும் ஓவியத்தில் இல்லை. சண்டைக்குப் பின் நம் மனம் தேடுவதோ தள்ளியவரைத்தான்.

இனி, இடம். ஒரு காட்டைக் கொள்வோம். கணவர் தம் தம்பிக்குச் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்ததை மனைவியிடம் மறைத்திருக்கிறார். அது வெளிப்பட்ட இரவில் பெருஞ்சண்டை. மனைவி ஐந்து சீட்டுகளை எடுக்கிறார். தாம், துணைவர், இருவருக்கும் இடையில் உள்ளது, தடை, அடுத்த அடி என்பது வரிசை. வந்தவை முறையே கிண்ணம் ஐந்து, நாணயம் நான்கு, கோபுரம், வாள் இரண்டு, நாணயம் எட்டு.

கோபுரம் மூன்றாம் இடத்தில், அதாவது நிகழ்காலத்தில் இருக்கிறது. ஆகவே அது வரப்போகும் இடியன்று. அன்றிரவு விழுந்துவிட்ட இடி. நம் வீட்டில் ஒளிவுமறைவே இல்லை என்ற பெருமிதமே இங்கு தெறித்த மகுடம். கிண்ணம் ஐந்தில், கவிழ்ந்த மூன்றையே பார்த்து நிற்பவரின் பின்னால் இரண்டு கிண்ணங்கள் கவிழாமல் நிற்கின்றன. நாணயம் நான்கில் ஒருவர் காசை மார்போடு இறுக அணைத்திருக்கிறார். இதைக் கணவரின் இயல்புக்குச் சாட்சியாகக் கொள்ளலாகாது. எடுத்தவர் மனைவி, ஆகையால் அவர் கண்ணுக்குக் கணவர் இப்போது எப்படித் தெரிகிறார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. தடையான வாள் இரண்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு வாள்களைக் குறுக்கே பிடித்திருக்கும் பெண். பேச மறுக்கும் மௌனம் அது. நாணயம் எட்டில் ஒரு தொழிலாளி ஒவ்வொரு காசாகச் செதுக்குகிறான். கொடுத்தது எவ்வளவு, எப்போது, திரும்புமா என்று கணக்கை வரிவரியாக விரித்துப் பேசுவதே அடுத்த அடி.

அதே கோபுரம் ஐந்தாம் இடத்தில் வந்திருந்தால்? அப்போதும் பிரிவு என்று படிக்க வேண்டியதில்லை. இன்னும் சொல்லப்படாதது ஏதும் உண்டா, அது தானே வெடிக்குமுன் நாமே சொல்லிவிடலாகாதா என்ற கேள்வியாகவே கொள்ளலாம்.

பிழை பெரும்பாலும் மறுபடி மறுபடி எடுப்பதில் நேர்கிறது. 78 சீட்டுகளில் ஐந்தை எடுத்தால் கோபுரம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு சொச்சம். மனம் ஆறாமல் மும்முறை விரித்தால், ஒருமுறையேனும் அது வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டாகிவிடுகிறது. பயந்தவர் கையில் கோபுரம் அடிக்கடி வருவதற்கு விதி காரணமன்று, எண்ணிக்கையே காரணம். எனவே எந்த இடம் எதைக் குறிக்கும் என்பதைச் சீட்டைத் தொடுமுன் எழுதிவைத்து, ஒருமுறை மட்டும் எடுப்பது நன்று. படித்து முடித்த வாக்கியம் ஒருவரை மட்டுமே குற்றஞ்சாட்டினால், படித்தது கண்ணன்று, கோபம் என்று அறியலாம்.

சீட்டுக்கு நாளை தெரியாது. இன்று விழுந்தது எது என்று கேட்க வைக்கும் அளவே அதன் வல்லமை. சண்டையில் கை ஓங்கியிருந்தால் அந்த அளவும் அதற்குக் கிடையாது. அங்கு விரிக்க வேண்டியது சீட்டையன்று; பாதுகாப்பான வேறோர் இடத்தில் பாயை.