நொடிகளை எண்ணும் சிங்கம்: ஸ்கிராட்ச் வகுப்பில் நடப்பது நிரலாக்கமா?

தேசியக் கல்விக் கொள்கை 2020, நடுநிலை வகுப்புகளில் நிரலாக்கச் செயல்பாடுகளைத் தொடங்கச் சொல்கிறது. ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு அதற்குரிய முதல் கருவியாகப் பெரும்பாலும் அமைவது, 2007-இல் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் வெளியிட்ட ஸ்கிராட்ச். இரண்டு பாத்திரங்கள் உரையாடும் ஒரு சிறுகதையை அசைவுப்படமாக்குவது அதில் நல்ல தொடக்கம்தான். ஆனால் அக்கதையை `wait` பிளாக்கை நம்பிக் கட்டுவிக்கும் வழக்கம் குழந்தைக்குக் கற்பிப்பது நிரலாக்கத்தை அன்று, நொடிக் கணக்கை.

பஞ்சதந்திரத்துச் சிங்கமும் முயலும் கதையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஸ்பிரைட்டுகள் ஸ்கிராட்ச் நூலகத்திலேயே உள்ளன. கிணற்றை மட்டும் பின்னணியில் வரைந்தால் போதும். வழக்கமான முறையில் சிங்கம் 2 நொடி பேசும். முயல் அந்த 2 நொடியும் காத்திருந்து, பின் 3 நொடி பேசும். சிங்கம் அந்த 3 நொடியும் காத்திருக்கும். முதல் முறை ஓடும்போது எல்லாம் சரியாகவே தெரியும். ஆசிரியரும் மகிழ்ந்துவிடுவார்.

சிக்கல், குழந்தை தன் கதையைத் திருத்தும்போது தொடங்குகிறது. முயலின் பொய் சற்று நீளமாக இருக்கட்டும் என்று 3 நொடியை 5 ஆக்குகிறாள் ஒரு மாணவி. சிங்கத்தின் நிரலில் காத்திருப்பு 3 ஆகவே நிற்கிறது. முயல் முடிக்குமுன் சிங்கம் கர்ஜிக்கிறது. அங்கிருந்து கதை முடியும் வரை ஒவ்வொரு வசனமும் 2 நொடி பிசகியே வரும். பிழை முயலின் வசனத்தில் பிறந்தது, திருத்தமோ சிங்கத்தின் நிரலில் செய்யப்பட வேண்டும். மூன்றாவது பாத்திரம் வந்தால் திருத்த வேண்டிய இடங்களும் பெருகும். மாணவி கற்றுக்கொள்வது ஒன்றே: ஓடுகிற நிரலைத் தொடாதே.

மேடையில் எந்த நடிகரும் கடிகாரம் பார்த்து வாய் திறப்பதில்லை; எதிரில் நிற்பவரின் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கிறார். ஸ்கிராட்சில் அந்தக் கடைசிச் சொல்லாக நிற்பது `broadcast`.

சிங்கத்தின் நிரல்:

```
when green flag clicked
show
go to x: (-120) y: (-60)
say [ஏன் இத்தனை தாமதம்?] for (2) seconds
broadcast [முயலின் பதில்]
```

முயலின் நிரல்:

```
when I receive [முயலின் பதில்]
say [வழியில் வேறொரு சிங்கம்!] for (5) seconds
broadcast [சிங்கத்தின் சினம்]
```

இப்போது முயல் 5 நொடி பேசினாலும் 50 நொடி பேசினாலும், அது முடித்த பிறகே சிங்கத்தின் முறை வரும். திருத்தம் ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது.

பதினொரு வயதுக்கு இது கடினம் என்ற மறுப்பு அடிக்கடி எழுகிறது. பள்ளி மணியைக் கேட்டு வளரும் குழந்தைக்கா கடினம்? மணி எல்லாருக்கும் ஒலிக்கிறது. அந்த மணிக்குச் செய்ய வேண்டிய வேலை உள்ளவர் மட்டுமே எழுகிறார். செய்தியும் அவ்வாறே எல்லா ஸ்பிரைட்டுகளுக்கும் போய்ச் சேருகிறது, அனுப்பியவருக்கும்கூட. இந்தக் கடைசிக் கூற்றைச் சொல்லாமல் விட்டால்தான் வகுப்பு தடுமாறும். ஸ்கிராட்ச் தானாகத் தரும் `message1` என்ற பெயரையே எல்லா இடத்திலும் விட்டுவிட்டால், முயல் அனுப்பும் செய்தி முயலின் நிரலையே மீண்டும் எழுப்பும். முயல் ஒரே வசனத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தால் காரணம் அநேகமாக இதுவே. ஒவ்வொரு செய்திக்கும் அடுத்து நிகழப்போவதன் பெயரை இடுவதே மருந்து.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. கிணற்றில் குதித்த சிங்கத்தை `hide` கொண்டு மறைத்த பின், பச்சைக் கொடியை மறுபடி அழுத்தினால் மேடையில் சிங்கம் இராது. கோப்பு கெட்டுவிட்டதென்று புதிதாகத் தொடங்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்! கெட்டது எதுவுமில்லை, பச்சைக் கொடி நிரலைத்தான் தொடக்கத்திற்குக் கொண்டுவரும், மேடையை அன்று. மேலே சிங்கத்தின் நிரலில் `show`, `go to` இரண்டும் முதலில் நிற்பது அதனால்தான். ஒரு நிரல் தன் தொடக்க நிலையைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை இதைவிட எளிதாக வேறெங்கும் காட்ட முடியாது. அந்த வாய்ப்பைத்தான் புதிய கோப்பு விழுங்கிவிடுகிறது.

`wait` தீண்டத்தகாத பிளாக் என்பதன்று வாதம். முயலின் இரண்டு தோற்றங்களை மாற்றி மாற்றி நடக்கவைக்க, இடையே 0.2 நொடி காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு பாத்திரத்தின் சொந்த அசைவுக்கு அது பொருந்தும். மற்றொருவரின் பேச்சு முடிந்ததை ஊகிக்க அது பொருந்தாது. செய்தி முறைக்கும் எல்லை உண்டு: இருபது வசனக் கதையில் செய்திப் பெயர்களே காடாகிவிடும். ஆகவே முதல் கதை ஆறு வசனத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

ஒரு கணினிக்கு நான்கு குழந்தைகள், நாற்பது நிமிடப் பாடவேளை என்ற நிலையிலும் இது இயலும். யார் பேசியபின் யார் என்பதை அம்புக்குறியிட்டு முதலில் தாளில் வரையட்டும். ஒவ்வோர் அம்பும் ஒரு செய்தி. மதிப்பீட்டையும் அதற்கேற்ப மாற்றலாம். படம் ஓடுகிறதா என்று பார்த்து மதிப்பெண் இடுவதற்கு மாறாக, ஏதேனும் ஒரு வசனத்தின் நொடியை ஆசிரியர் மாற்றிவிட்டு, கொடியை அழுத்திப் பார்க்கட்டும்.