பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்: எங்கள் நிலைப்பாடு

தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்தத்தை 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது; மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட நியாயத்தை இன்றும் கேட்கிறோம். வாரத்துக்கு எப்படியும் 48 மணி நேரம்தானே, அதை நான்கு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே என்கிறார்கள். மருத்துவமனை நிர்வாகங்களும் இதையே பேசுகின்றன. நர்சுகளும் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்திருக்கும் எங்கள் சங்கம், இரவில் பன்னிரண்டு மணி நேர வேலையை எங்கும் ஏற்கவில்லை. பகலில் அதைச் சில நிபந்தனைகளோடு மட்டுமே ஏற்கும்.

காரணம் எளிது. 48 மணி நேரமும் ஒரே தரமான மணி நேரம் அல்ல. சைமன் ஃபோக்கார்ட், பிலிப் டக்கர் ஆகிய ஆய்வாளர்கள் 2003இல் பல நாட்டு விபத்துப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எட்டு ஒன்பது மணி நேரத்துக்குப் பிறகு விபத்து வாய்ப்பு வேகமாக ஏறுவதைக் கண்டார்கள். தொடர்ந்து நைட் பார்த்தால், முதல் இரவைவிட மூன்றாம் இரவில் அது சுமார் 17 விழுக்காடும் நான்காம் இரவில் 36 விழுக்காடும் கூடியிருந்தது. ஷிஃப்ட்டின் கடைசியில் ஒட்டவைக்கும் நான்கு மணி நேரம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது.

ஒரு நர்ஸின் முதல் நைட் டியூட்டியை எடுத்துக்கொள்வோம். வழக்கம்போலக் காலை 6 மணிக்கு எழுகிறார். பிள்ளைகள், சமையல் என்று பகல் போய்விடுகிறது, தூங்க முடிவதில்லை. இரவு 8 மணிக்கு வார்டுக்கு வருகிறார். இரவு 11 மணிக்கு அவர் விழித்துப் பதினேழு மணி நேரம் ஆகிறது. அந்த நிலையில் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் இருப்பவருக்கு இணையாகத் தடுமாறும் என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவே 0.03தான். விடியற்காலை 6 மணிக்கு இருபத்து நான்கு மணி நேர விழிப்பு. தடுமாற்றம் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலை மருந்துகளுக்கான டோஸ் கணக்கும் இன்சுலின் ஊசியும் வருவது அந்த வேளையில்தான். அதற்குப் பிறகும் இரண்டு மணி நேர வேலை, அதன்பின் ஸ்கூட்டியில் வீடு.

ஆலையில் பயண நேரம் இன்னொரு சுமை. கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஷிஃப்ட் மாற்ற அரை மணி. பன்னிரண்டு மணி ஷிஃப்ட்டோடு இவற்றையும் கழித்தால் மிஞ்சுவது எட்டரை மணி நேரம். குளிக்க, சாப்பிட, குழந்தை முகம் பார்க்க, தூங்க எல்லாம் அதற்குள்தான். எட்டு மணி ஷிஃப்ட் என்றால் பன்னிரண்டரை மணி நேரம் கையில் இருக்கும்.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பன்னிரண்டு மணி முறையில் நாளைக்கு இரண்டு ஹேண்டோவர்தான். நோயாளியைப் பற்றிய தகவல் கைமாறும்போது தவறிப்போகும் இடம் ஒன்று குறைகிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் பயண நாட்கள் குறைவதால் இதை விரும்பவும் செய்கிறார்கள், எங்கள் உறுப்பினர்களில் சிலரும்கூட. ஆனால் அந்த மூன்று நாள் ஓய்வு ஓய்வாகவே இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் முதலில் ஓவர்டைமுக்குப் பறிபோவது அந்த நாட்கள்தான்.

எட்டு மணி முறையையும் அப்படியே ஆதரித்துவிட முடியாது. இரவு 10 மணிக்கு இரண்டாம் ஷிஃப்ட் முடித்தவரை மறுநாள் காலை 6 மணிக்கு முதல் ஷிஃப்ட்டுக்குக் கூப்பிடும் ரோஸ்டரில், பயணம் போக அவருக்கு ஐந்து மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது. மூன்று ஷிஃப்ட் என்று பெயர் சொல்லும் பல மருத்துவமனைகளில் பகலை ஆறு ஆறாகப் பிரித்து, இரவை மட்டும் பன்னிரண்டு மணி நேரமாக வைத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டியதில் முதலாவது இதுதான்.

இரவு ஷிஃப்ட் எட்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் போடக் கூடாது. எந்த இரண்டு ஷிஃப்ட்டுக்கும் நடுவே குறைந்தது பதினோரு மணி நேரம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி கேட்பதும் இதே அளவைத்தான். நைட்டில் அரை மணி நேரம் படுத்துக் கண்ணயர இடமும், அந்த நேரத்துக்கு மாற்று ஆளும் தர வேண்டும். எழுந்த முதல் கால் மணி நேரம் மூளை மந்தமாக இருக்கும் என்பதால் அதற்குள் டோஸ் கணக்கிடவோ பிரஸ் மெஷினில் கை வைக்கவோ சொல்லக் கூடாது. பகல் நேரப் பன்னிரண்டு மணி ஷிஃப்ட்டை, தொழிலாளி எழுத்தில் சம்மதித்து, எப்போது வேண்டுமானாலும் விலக முடிகிற இடத்தில் மட்டும் அனுமதிக்கலாம். அவருக்கு அந்த வாரம் ஓவர்டைம் அறவே கூடாது. விபத்து, மருந்துத் தவறு பற்றிய ஒவ்வொரு பதிவிலும் அது ஷிஃப்ட்டின் எத்தனையாவது மணி நேரத்தில், தொடர்ச்சியில் எத்தனையாவது இரவில் நடந்தது என்று எழுத வேண்டும். இன்று பெரும்பாலான படிவங்களில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.