அந்த 16 எப்படி 18 ஆனது?



போன மாதம் ஒரு கட்டுரைப் போட்டிக்கான அறிவித்தலைப் போட்டோ எடுத்து எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பாடசாலையில் சேர்த்து அனுப்பவேண்டிய கடைசித் திகதி 16. ஒரு உம்மா 18ஆம் திகதி காலையில் மகளின் விண்ணப்பத்தோடு வந்து நின்றார். கட்டு போய் இரண்டு நாளாகிவிட்டது. "சேர், நீங்க போட்டதுல 18 எண்டுதானே இரிக்கி" என்று போனை நீட்டினார். பார்த்தேன். அது 16 என்றும் சொல்லலாம், 18 என்றும் சொல்லலாம். என் போனில் இருந்த அதே போட்டோவில் 16 பளிச்சென்று தெரிந்தது.

பிழை அவருடையது அல்ல, என்னுடையது. என் கெலரியில் இருந்த படமும் அவருக்குப் போய்ச் சேர்ந்த படமும் ஒன்றல்ல என்பதை நான் யோசிக்கவில்லை.

என் போன் எடுக்கும் படத்தில் நீளத்துக்கு 4000, அகலத்துக்கு 3000 புள்ளிகள். மொத்தம் 1 கோடியே 20 இலட்சம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது நீளத்துக்கு ஏறத்தாழ 1600 ஆகச் சுருங்குகிறது. ஆறில் ஐந்து பங்கு புள்ளிகள் வழியிலேயே போய்விடும். நாலு எம்பி படம் 250 பேர் உள்ள குரூப்பில் போனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஜிபி டேட்டா. முகங்களுக்கும் கல்யாண வீட்டுப் படங்களுக்கும் இந்தச் சுருக்கம் தெரியவே தெரியாது. எழுத்துக்குத்தான் அடி விழுகிறது.

என் படத்தையே கணக்குப் பார்ப்போம். ஏ4 தாளை மேசையில் வைத்து எடுத்தேன். சுற்றிவர மேசையும் விழுந்ததால் தாள் படத்தின் முக்கால் உயரத்தைத்தான் பிடித்தது. 1600இல் முக்கால் 1200. தாளின் உயரம் 297 மில்லிமீற்றர். ஆக ஒரு மில்லிமீற்றருக்கு நாலு புள்ளி. இரண்டு மில்லிமீற்றர் உயரமான இலக்கத்துக்கு மொத்தமே எட்டுப் புள்ளி. 6இன் மேல்பக்கம் திறந்திருக்கும் அந்த இடைவெளிக்கு ஒன்றோ இரண்டோதான். அது கறுத்தால் 6, 8 ஆகிவிடும். தமிழுக்கு இன்னும் மோசம். மெய்யெழுத்தின் மேலுள்ள குத்தும், 'கி'யையும் 'கீ'யையும் பிரிக்கும் சின்னச் சுழியும் முதலில் போகும்.

இதோடு முடியவில்லை. சுருக்கும்போது படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் நுணுக்கமான மாற்றங்கள் கழிக்கப்படுகின்றன. வானம், சுவர் போன்ற மெதுவாக மாறும் நிறத்துக்கு இது சரி. எழுத்தோ வெள்ளையிலிருந்து கறுப்புக்குத் திடீரென்று பாய்வது. அந்த ஓரம்தான் மங்குகிறது. பெரிதாக்கிப் பாருங்கள், எழுத்தைச் சுற்றிச் சாம்பல் தூசியும் சின்னச் சதுரங்களும் தெரிந்தால் அது சுருக்கத்தின் வேலை. சதுரமே இல்லாமல் எல்லாம் ஒரேமாதிரிக் கலங்கியிருந்தால் கை ஆடியிருக்கிறது. அப்படியென்றால் அனுப்பியவரின் போனிலும் கலங்கல்தான், திரும்ப எடுக்கத்தான் வேண்டும். வந்த படத்தை யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு குரூப்புக்குப் போட்டால், இன்னொரு சுற்றுச் சுருக்கம்.

இப்போது நான் செய்வது இதுதான். திகதி, நேரம், இடம், கட்டணம் ஆகியவற்றைக் கையால் டைப் பண்ணிப் போடுகிறேன். ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட், ஆயிரம் குறி எழுதினாலும் மூன்று கேபிதான். அது மங்காது, பிறகு தேடி எடுக்கலாம், கண் மங்கிய உம்மும்மாவும் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம். ஜனாஸா அறிவித்தலையும் பூப்போட்ட படமாக மட்டும் போடுகிறவர்கள் தொழுகை நேரத்தையாவது கீழே எழுதிவிடுங்கள்.

முத்திரையும் கையொப்பமும் தெரியவேண்டிய கடிதமென்றால், பேப்பர் கிளிப் அடையாளத்தை அழுத்தி Document வழியாகப் படத்தை அனுப்புகிறேன். அப்போது கோப்பு எடுத்தபடியே போகும். எடுத்த இடத்தின் விபரம் படத்துக்குள் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும் என்பதால் வீட்டில் எடுத்ததை இப்படி அனுப்புவதில்லை. அதற்கு கூகுள் டிரைவில் Scan பண்ணிய பிடிஎஃப் நல்லது, மேசையையும் வெட்டிவிடும். HD என்ற பொத்தான் சாதாரணத்தை விட எவ்வளவோ மேல், ஆனால் அதுவும் சுருக்கம்தான்.

ஒன்றும் ஏலாவிட்டால் தாளை இரண்டு பாதியாக, போனைக் குறுக்கே பிடித்து, மேசை விழாமல் எடுங்கள். 210 மில்லிமீற்றர் அகலத்துக்கு 1600 புள்ளி கிடைக்கும். மில்லிமீற்றருக்கு ஏழரை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

யாராவது அனுப்பிய அறிவித்தலில் இலக்கம் விளங்காவிட்டால் ஊகிக்காமல், "கெலரியில இருக்கிறத Document ஆக அனுப்புங்க" என்று கேளுங்கள். முதலில் எடுத்தவரிடமே கேட்கவேண்டும். ஃபோர்வேட் பண்ணியவரிடம் இருப்பதும் நம்மிடம் வந்த அதே மங்கல்தான்.