நூறு வரை சொன்னால் போதுமா? ஐந்து வயதில் 'ஸ்கூலுக்கு ரெடி' என்றால் என்ன? கொல்லிமலை சொல்லும் பாடம்

ஒரு சின்ன சோதனை. ஐந்தரை வயதுக் குழந்தையின் முன்னால் ஏழு பலாக்கொட்டைகளை வரிசையாக வையுங்கள். "எத்தனை இருக்கு, எண்ணு பாப்போம்" என்று கேளுங்கள். குழந்தை விரலால் தொட்டுத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று ஏழு வரை சரியாகவே எண்ணிவிடும். உடனே, "சரி, அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள்.

பல குழந்தைகள் "ஏழு" என்று சொல்வதில்லை. மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவார்கள். "அதுல அஞ்சு மட்டும் எடுத்துக் குடு" என்றால் ஒரு கைப்பிடி அள்ளி நீட்டுவார்கள்.

இதே குழந்தை ஐம்பது வரை கடகடவென ஒப்பிக்கக்கூடும். வீட்டில் எல்லோரும் "பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஒண்ணாம் வகுப்புல சேத்துடலாம்" என்று முடிவு செய்திருப்பார்கள். ஆனால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த அளவு என்பது அந்தக் குழந்தைக்கு இன்னும் பிடிபடவில்லை. அது பிடிபடாதவரை 'ஏழோடு இரண்டைக் கூட்டு' என்பது வெறும் சத்தம்தான்.

பள்ளிக்குத் தயாராக இருப்பது என்பதை எழுத்தும் எண்ணும் ஒப்பிப்பதோடு நிறுத்திவிடக் கூடாது என்று கல்வியாளர்கள் சொல்வது இதனால்தான். இதைப் புரிந்துகொள்ள நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை நல்ல இடம்.

ஏன் கொல்லிமலை?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் இந்த மலையில் பெரும்பான்மையோர் மலையாளி பழங்குடியினர். பெயர் அப்படி இருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழின் ஒரு வட்டார வழக்கு. ஊர்கள் 'நாடு' என்ற பெயரில், சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறிக் கிடக்கின்றன. மிளகு, காபி, மரவள்ளி, அன்னாசி, பலா எல்லாம் விளைகின்றன. சாமை, திணை, கேழ்வரகு பயிரிடும் பழக்கம் குறைந்துவிட்டாலும் இன்னும் இருக்கிறது.

இங்கே வளரும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பல விஷயங்கள் பள்ளிக்கு முன்பே தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. சாமையையும் திணையையும் பார்த்ததும் பிரிக்கலாம். எது பழுத்த மிளகு, எது காய் என்று சொல்லலாம். ஓடை, பாறை, தோட்டம் என எதற்குப் பிறகு எது வரும் என்று வழி சொல்லலாம்.

கல்வி ஆய்வின் மொழியில் இவற்றுக்கு வகைப்படுத்துதல், வரிசைப்படுத்துதல், இடம் குறித்த அறிவு என்று பெயர். பள்ளித் தயார்நிலையை அளக்கும் சோதனைகளில் கேட்கப்படுவதும் ஏறக்குறைய இவையே. ஆனால் அங்கே சாமையும் திணையும் இருக்காது. படம் போட்ட அட்டைகள் இருக்கும். கேள்வி பாடப்புத்தகத் தமிழில் வரும். தெரிந்த விஷயத்தையே தெரியாத உருவத்தில் கேட்டால் குழந்தை வாயைத் திறக்காது.

அப்படியானால் எதைத்தான் பார்க்க வேண்டும்?

முதலாவது, எண்ணின் பொருள். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ண வேண்டும். கடைசி எண்ணே மொத்தம் என்று தெரிய வேண்டும். எது அதிகம், எது குறைவு என்று சொல்ல வேண்டும். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2007-ல் கிரெக் டங்கன் தலைமையில் வெளியான ஓர் ஆய்வு, ஆறு நீண்டகால ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பிற்காலக் கல்வியை மிக வலுவாக முன்கூட்டிக் காட்டியது, பள்ளியில் சேரும்போது இருந்த அடிப்படைக் கணிதப் புரிதல். அடுத்து வாசிப்புத் திறன், அதற்கடுத்து கவனம்.

இரண்டாவது, சொல்லுக்குள் இருக்கும் ஒலி. 'மிளகு' என்ற சொல்லை மூன்று முறை கைதட்டி மி-ள-கு என்று பிரிக்க முடிகிறதா? "மிளகுல 'மி'யை எடுத்துட்டா என்ன மிச்சம்?" என்றால் 'ளகு' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறதா? தமிழ் எழுத்து பெரும்பாலும் இந்த ஒலித்துண்டுகளின் மேல்தான் நிற்கிறது. காதில் ஒலி பிரியாத குழந்தைக்கு 247 எழுத்துகளும் 247 படங்கள்தான்.

மூன்றாவது, தன்னைக் கட்டுப்படுத்தும் திறன். "பையை மூலையில வெச்சுட்டு, தட்டை எடுத்துட்டு வந்து உக்காரு" என்றால் மூன்று வேலையையும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். 'தலை' என்றால் காலைத் தொட வேண்டும், 'கால்' என்றால் தலையைத் தொட வேண்டும் என்ற விளையாட்டு இதை அழகாகக் காட்டிக்கொடுக்கும். காதில் விழுந்ததை உடனே செய்யாமல் ஒரு நொடி நிறுத்தி, விதியை நினைத்துச் செய்யும் குழந்தைதான் வகுப்பில் தன் முறை வரும்வரை காத்திருக்கும்.

நான்காவது, பேச்சு. தன் தேவையைத் தெரியாத பெரியவரிடம் சொல்ல வேண்டும். 'பாத்ரூம் போகணும்', 'புரியல', 'அவன் அடிச்சான்' என்ற மூன்றையும் டீச்சரிடம் சொல்ல முடியாத குழந்தைக்கு அகர வரிசை முழுக்கத் தெரிந்தும் பெரிய பயன் இல்லை.

ஒரே தமிழ், மூன்று படிகள்

சமவெளிக் குழந்தைக்கே வீட்டில் 'மழ பெய்யுது', புத்தகத்தில் 'மழை பெய்கிறது' என்று இரண்டு தமிழ். கொல்லிமலைக் குழந்தைக்கு வீட்டு வழக்கு ஒன்று, கீழேயிருந்து வரும் ஆசிரியரின் பேச்சு ஒன்று, புத்தகத் தமிழ் ஒன்று. 'தமிழ்தானே பேசுறாங்க, இதுல என்ன சிக்கல்?' என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் மறைந்திருக்கிறது. வேறு மொழி என்றால் ஆசிரியர் உஷாராகிவிடுவார். ஒரே மொழி என்பதால், பதில் வராதபோது 'பிள்ளை மந்தம்' என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிட முடியும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு குழந்தையிடம் 'பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்துக' என்று ஐந்து பட அட்டைகளைக் கொடுத்து, அது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் அட்டைகளுக்குப் பதிலாக ஐந்து மரவள்ளிக் கிழங்குகள். வீட்டுப் பேச்சிலேயே, "பெருசுல இருந்து சின்னது வரைக்கும் அடுக்கு." அடுக்கிவிட்டால் திறன் இருக்கிறது, அட்டையும் மொழியும்தான் புதிது. சில வாரம் பழகினால் சரியாகிவிடும். பொருளை வைத்தும் வரவில்லை என்றால் அந்தத் திறனையே கற்றுத்தர வேண்டும்.

பல வாரங்கள் கழித்தும் எதற்கும் பதில் இல்லை என்றால் காதையும் கண்ணையும் சோதிக்க வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். செவி, பார்வை, வளர்ச்சித் தாமதம் எல்லாம் அவர்களின் பட்டியலில் உண்டு.

அங்கன்வாடியில் என்ன நடக்கிறது?

தமிழக அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற விளையாட்டு வழிப் பாடத்திட்டம் இருக்கிறது. மேலே சொன்ன திறன்களை வளர்ப்பதுதான் இத்தகைய பாடத்திட்டத்தின் நோக்கம். சிக்கல், அதை நடத்த நேரம் எங்கே என்பதில்.

மலைப்பகுதி, பழங்குடிப் பகுதிகளில் 300 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி, 150 முதல் 300 பேருக்கு ஒரு குறு அங்கன்வாடி என்பது விதி. சிதறிய குடியிருப்புகளுக்காகவே வந்த குறு மையங்கள், உதவியாளர் இல்லாமல் ஒரே பணியாளரோடு தொடங்கப்பட்டவை. சமையல், எடை பார்த்தல், சத்துமாவு, கர்ப்பிணிகள், பதிவேடு எல்லாம் முடித்த பிறகு மிஞ்சும் நேரமே பாடத்துக்கு.

இன்னோர் ஆள் இருந்தால் என்ன ஆகும்? இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென ஒரு பகுதிநேரப் பணியாளரைச் சேர்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. 18 மாதங்களில் கணிதம், மொழி இரண்டிலும் அந்தக் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால், வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன.

ஐந்தா, ஆறா?

தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு என்கிறது. 2023-ல் மத்திய அரசு இதை மாநிலங்களுக்கு மீண்டும் வலியுறுத்தியது. விவாதம் அரசியலாக நடந்தாலும் குழந்தையின் பக்கம் ஒரு எளிய கணக்கு உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு என்பது அதன் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே வகுப்பில் இப்போதுதான் ஐந்தைத் தொட்டவரும் ஆறை நெருங்குபவரும் பக்கத்தில் உட்காரும்போது, வயது வித்தியாசத்தை அறிவு வித்தியாசமாகத் தவறாக எடுத்துக்கொள்வது எளிது.

அதேநேரம், ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. அந்த ஆண்டில் குழந்தை எங்கே, யாரோடு, என்ன செய்தது என்பதே கேள்வி. பெற்றோர் இருவரும் தோட்ட வேலைக்குப் போகும் வீட்டில், நடந்து போகும் தூரத்தில் இயங்கும் அங்கன்வாடி இல்லையென்றால், தள்ளிப்போட்ட ஆண்டு காலியாகவே கழியும்.

யார் தயாராக வேண்டும்?

யூனிசெஃப் 2012-ல் பள்ளித் தயார்நிலையை மூன்று பக்கமாக விளக்கியது: குழந்தை தயார், குடும்பம் தயார், பள்ளி தயார். நம் ஊரில் முதல் பக்கத்துக்கு மட்டும்தான் பரீட்சை வைக்கிறோம்.

2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் மூன்றாவது பக்கத்தைக் கொஞ்சம் தொட்டது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கற்பிப்பது அதன் வழி. வகுப்பை வைத்துப் பார்க்காமல் பிள்ளையின் நிலையை வைத்துத் தொடங்குவதால், ஒப்பிக்க மட்டும் தெரிந்து வந்த குழந்தையை இதில் கண்டுபிடித்துவிட முடியும்.

குடும்பத்தின் பக்கம் பெரிய செலவு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் "ஆளுக்கு ஒரு தட்டு வை, எத்தனை வேணும்?" என்று கேட்பது எண் பாடம். தோட்டத்துக்குப் போய் வந்த கதையை ராத்திரி குழந்தையைச் சொல்ல வைப்பது மொழிப் பாடம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதைச் செய்யலாம்.

பள்ளியின் பக்கம் முதல் சில வாரங்கள் முக்கியம். அந்த நாட்களில் டீச்சர் கேள்வியைக் குழந்தையின் வீட்டுப் பேச்சில் கேட்டு, பலாக்கொட்டையையும் மிளகையும் மேஜைக்குக் கொண்டுவந்தால், "அப்போ மொத்தம் எத்தனை?" என்ற கேள்விக்கு யாருக்கு இன்னும் பதில் தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். கூட்டல் கணக்கை அதற்குப் பிறகு தொடங்கலாம்.