ஒரு ‘ங்க’வின் விலை

“வடக்கேயிருந்து வர்றவங்களுக்கு மரியாதையாப் பேசத் தெரியாது.” செங்கல்பட்டில் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் இது சாதாரணமாகக் காதில் விழுகிறது. தமிழ் படித்தவர்கள் கூடும் ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். இதற்குச் சான்றாக ஒரு காட்சியைச் சொல்வார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடியாப் பெண் மளிகைக் கடைக்கு வருகிறாள். “அண்ணே, அரை கிலோ வெங்காயம் குடு” என்கிறாள். கடைக்காரர் முகம் சுளிக்கிறார், பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ‘குடுங்க’ என்று சொல்லத் தெரியாதவள் என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு தவறானது. அவள் மொழியில் முன்னிலைக்கு மூன்று சொற்கள் உண்டு: ‘து’, ‘துமே’, ‘ஆபண’. சின்னவர்களுக்கு ஒன்று, சமமானவர்களுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. நம்மிடம் இருப்பதோ ‘நீ’, ‘நீங்க’ என்று இரண்டுதான். மரியாதையின் இலக்கணத்தை நாம் அவளுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘குடு’ என்ற சொல்லை அவள் யாரிடமிருந்து கற்றாள்?

மேற்கு ஒடிசாவில் பலாங்கீர், நுவாபடா போன்ற மாவட்டங்களில் நுவாகாய்ப் பண்டிகை முடிந்ததும் தரகர்கள் முன்பணத்தோடு வருவார்கள். பணம் கணவன் கையில் கொடுக்கப்படும், கடன் குடும்பத்தின் தலையில் ஏறும். கணவன், மனைவி, குழந்தை எல்லோரும் சேர்ந்து சூளைக் கணக்கில் ஒரு ‘அலகு’. மழை வரும்வரை மாதக்கணக்கில் சூளைதான் வீடு. அங்கே அவள் காதில் விழும் தமிழ் எது? ‘வா’, ‘போ’, ‘தூக்கு’, ‘எடு’, ‘சீக்கிரம்’. எல்லாமே ஒருமை ஏவல். நாள் முழுக்க ஒரு மொழியின் ஏவல் வினைகளை மட்டும் கேட்கிற ஒருத்தி, அந்த மொழியில் வினை அப்படித்தான் முடியும் என்று முடிவு செய்கிறாள். அது அறிவுள்ள முடிவு. குழந்தை தாயிடம் மொழி கற்கிறது. இவள் மேஸ்திரியிடம் கற்கிறாள். நாம் அவளிடம் பேசிய தமிழையே கடையில் நம்மிடம் திருப்பிக் கொடுக்கிறாள். நாம் சிரிப்பது நம் குரலைக் கேட்டுத்தான்.

‘ங்க’ என்ற ஈற்றை யாருக்கு வைக்கிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பது தமிழ்ப் பெண்கள் அறியாத செய்தி அல்ல. எத்தனையோ வீடுகளில் மனைவி ‘வாங்க’ என்கிறாள், கணவன் ‘வாடி’ என்கிறான். ஊர்த் தெருவின் பத்து வயதுப் பையன் சேரியின் எழுபது வயதுக் கிழவரை ‘வா’ என்று கூப்பிட்டதை நம் முந்தைய தலைமுறை பார்த்திருக்கிறது. பல ஊர்களில் அது இன்னும் ஓயவில்லை. அந்த இலக்கணத்தை எழுதியவை சாதியும் ஆண்மையும். புதிதாக வந்தவளைப் பார்த்ததும் அதே ஏணியின் கடைசிப் படியில் அவளை நிறுத்திவிட்டு, ஏணியைப் பண்பாடு என்கிறோம்.

இங்கேதான் மாமல்லபுரம் நினைவுக்கு வருகிறது. 2022இல் அங்கே நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடின் சின்னம் வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற குதிரை. அதன் பெயர் ‘தம்பி’. வணக்கமும் உறவுமுறையும் சேர்ந்த ஒரு வரவேற்பை உலகத்துக்கே நீட்டினோம், மகிழ்ச்சிதான். ஒத்தவாடைத் தெருவில் ஒரு வெள்ளைக்காரர் ‘வனக்கம்’ என்று உளறினால் கடைக்காரர் பூரித்துப் போகிறார், அந்த ‘ன’கரத்தை யாரும் திருத்துவதில்லை. அதே கடற்கரைச் சாலையில் விடுதி அறைகளைக் கூட்டித் துடைக்கும் வடமாநிலப் பெண் அதே சொல்லைச் சொன்னால் ‘நமஸ்தே’ என்று கேலியாகப் பதில் வருகிறது. அவள் தாய்மொழி இந்திதானா என்றுகூட யாரும் கேட்பதில்லை.

சொல்லப்போனால் ‘வணக்கம்’ மளிகைக் கடையின் சொல்லே அல்ல. ‘நமஸ்காரம்’ இருந்த இடத்தில் அதை மேடைக்கும் வகுப்பறைக்கும் கொண்டுவந்தவை கடந்த நூற்றாண்டின் தமிழ் இயக்கங்களும் சுயமரியாதை இயக்கமும். அது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் கடைவாசலில் யார் வணக்கம் சொல்கிறார்கள்? ‘அண்ணே’ என்கிறோம், ‘அக்கா’ என்கிறோம், ஒரு கணம் நிறுத்திப் பொருளைச் சொல்கிறோம். உறவுச் சொல், பொருள், அளவு, கடைசியில் ‘ங்க’. கடையில் நம் முகமன் முழுவதும் இந்த வரிசையில் இருக்கிறது. இதில் முதல் மூன்றும் பொருள் வாங்க உதவுபவை. கடைசி ஒன்று மட்டும்தான் மனிதரை மனிதராக்குவது.

நான் சாமான் வாங்கும் கடைக்கு ஒரு ஒடியாப் பெண் வாரம் ஒருமுறை வருவாள். முதலில் வெங்காயத்தைக் கையால் காட்டினாள். பிறகு ‘அண்ணே’ வந்தது, அரை கிலோ வந்தது, ‘குடு’ வந்தது, சிரிப்பும் வந்தது. அதன்பின் சில வாரம் அவள் வாயே திறக்கவில்லை, மறுபடி கைதான் காட்டினாள். கடைக்காரரின் மனைவி கல்லாவில் உட்காரத் தொடங்கிய பிறகுதான் அது மாறியது. அவர், “என்னம்மா வேணும், சொல்லுங்க” என்று கேட்டார். மூன்றாம் வாரம் அவள், “அக்கா, புளி குடுங்க” என்றாள். ஒடியாவிலும் ளகரம் உண்டு, ‘புளி’யைப் பிழையின்றிச் சொன்னாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. அவளுக்கு ஒரு ‘ங்க’ கிடைத்தது, அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

இது வெறும் மரியாதைப் பேச்சல்ல. சிரிப்புக்குப் பயந்து வாய் மூடுகிறவள் “எவ்வளவு?” என்றும் கேட்க மாட்டாள். சூளைக் குடும்பங்களுக்கு வாரச் செலவுக்கென்று ஒரு சிறு தொகைதான் கையில் வரும். போதாததைக் கடை நோட்டில் கடனாக எழுதுகிறார்கள். அந்த நோட்டு தமிழில் இருக்கிறது. “கணக்கச் சொல்லுங்க” என்ற இரண்டு சொல் தெரியாதவள், எழுதியதை எல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்காக 1979இல் இயற்றிய சட்டம், ஒப்பந்தக்காரர் கொடுக்கும் கைப்புத்தகம் தொழிலாளியின் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. புத்தகத்துக்கு மொழி கேட்ட சட்டம், அவளுக்கு இந்த ஊரின் மொழியைத் தருவது பற்றி நினைக்கவில்லை. கேரளம் நினைத்தது. அங்கே எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. புலம்பெயர் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்க ‘ஹமாரி மலையாளம்’ என்று பாடநூலே எழுதினார்கள். சங்ஙாதி என்றால் தோழர்.

1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்தவர். அவர் பெயரைத் தாங்கிய மறைமலை நகரில் இன்று பல மாநிலத்து உழைப்பாளிகள் குடியிருக்கிறார்கள். அந்த நகரில் மாலை நேரத் தமிழ் வகுப்பு ஒன்று நடக்க வேண்டும், கைக்குழந்தையோடு வரும் பெண்ணும் உட்காரக்கூடிய வகுப்பாக. முதல் பாடம் அகரத்தில் தொடங்க வேண்டாம், ‘வணக்க’த்திலும் வேண்டாம். நான்கு வாக்கியங்கள் போதும்: “அக்கா, அரை கிலோ குடுங்க.” “எவ்வளவு ஆச்சு?” “கணக்கச் சொல்லுங்க.” “மெதுவா சொல்லுங்க, புரியல.”

தமிழ் படிக்கும் மாணவிகளே, இந்தப் பாடத்தை நடத்த உங்களுக்கு முனைவர் பட்டம் தேவையில்லை. வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை கடையில் அவள் பக்கத்தில் நிற்கும்போது, “நீங்க முதல்ல வாங்கிக்குங்க” என்று சொல்லுங்கள்.